தலைக்கு ஸ்கிரப், ஷாம்புக்கு முன் சீரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொடுகும் இல்லை, அரிப்பும் இல்லை. எல்லாரும் தலைக்கு ஸ்கிரப் போடுகிறார்கள், சீரம் போடுகிறார்கள். நானும் வாங்கணுமா?

வேண்டாம். தலைத்தோலின் அடியில் உண்டாகும் செல்கள் ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்ந்துவிடும். அது தானாக நடக்கிற வேலை. யாரும் தேய்த்துவிட வேண்டியதில்லை. உதிர்ந்ததோடு எண்ணெய்ப்பசை, வியர்வை, தூசி எல்லாம் கலந்து தோலில் ஒட்டியிருக்கும். அதைக் கரைத்து இறக்கத்தான் ஷாம்பு இருக்கிறது.

பலருக்குக் குறை தலையில் இல்லை, ஷாம்பு போடும் விதத்தில் இருக்கிறது. நுரையை முடி மேல் தடவி, அரை நிமிடத்தில் அலசிவிட்டு, "தலை சுத்தமாகவே ஆகவில்லை, ஸ்கிரப் வேண்டும்" என்கிறார்கள். குட்டை முடிக்கு ஒரு டீஸ்பூன், இடுப்பு வரை முடிக்கு இரண்டு டீஸ்பூன் ஷாம்புவைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள். விரல் நுனியின் சதைப்பகுதியால் தோலில் படும்படி ஒரு நிமிடம் தேய்த்து அலசுங்கள். எண்ணெய் வைத்த தலையாக இருந்தால் இரண்டாவது முறையும் போடுங்கள். முதல் முறை நுரையே வராது, அது எண்ணெயோடு போய்விடும். இரண்டாவது முறைதான் நுரைக்கும், அப்போதுதான் தோல் சுத்தமாகும். இதை மூன்று வாரம் செய்து பார்த்த பிறகும் மண்டை கனமாக, பிசுபிசுப்பாக இருந்தால் மற்றதைப் பேசலாம்.

என் தலை நார்மலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் முடியை வகிடு எடுத்து, முன்நெற்றிப் பக்கம், உச்சி, காதுக்குப் பின்னால், பிடரி என நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். ஒரு டிஷ்யூ பேப்பரை உச்சியில் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். லேசான எண்ணெய்த் தடம் தெரிந்தால் அது இயல்பு. பிறகு நகத்தால் மிக லேசாக ஒரு இடத்தைச் சுரண்டி, நகத்துக்கு அடியில் பாருங்கள். கொஞ்சம் மெழுகு போல வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வருவது எல்லாருக்கும் வரும். அது எண்ணெய்ப்பசையும் உதிர்ந்த செல்லும் கலந்தது. இணையத்தில் இதைப் படம் பிடித்துப் போட்டு, "உங்கள் தலையில் சேர்ந்திருக்கும் அழுக்கு" என்று பயமுறுத்துவார்கள். குளித்த மறுநாளே எவர் தலையைச் சுரண்டினாலும் அது வரும்.

இயல்பில்லை என்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. சுரண்டாமலே தோள்பட்டையில் செதில் விழுவது, குளித்த ஒரே நாளில் அரிப்பு திரும்புவது, வகிட்டில் சிவப்பு தெரிவது, மஞ்சளாகப் பிசுபிசுத்த செதில் தோலோடு ஒட்டியிருப்பது. இவை இருந்தால் ஸ்கிரப் வாங்கும் காசை வேறு இடத்தில் செலவிட வேண்டும், கீழே சொல்கிறோம்.

ஸ்கிரப் டப்பாவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

மூன்றே விஷயம்: தேய்க்கும் துகள், நுரைக்கும் பொருள், குளுகுளுப்பும் வாசனையும்.

தேர்வு செய்யும்போது துகளைத்தான் கவனிக்க வேண்டும். கடல் உப்பும் சர்க்கரையும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் தேய்க்கும்போதே முனை மழுங்கும், அலசும்போது முடியில் தங்காது. சர்க்கரை எரியாது, உப்போ, நகக்கீறல் இருக்கிற தலையில் சுரீர் என்று பிடிக்கும். வால்நட் ஓட்டுப் பொடி, ஆப்ரிகாட் கொட்டைப் பொடி ஆகியவை கரையாது, ஒழுங்கில்லாத முனைகள் உள்ளவை. சுருட்டை முடியிலும் அடர்ந்த முடியிலும் இவை மாட்டிக்கொண்டு, மறுநாள் தலை சீவும்போதுதான் கொட்டும். அதைப் பார்த்துப் பொடுகு என்று நினைத்து மறுபடியும் ஸ்கிரப் போடுகிறவர்கள் உண்டு. ஜோஜோபா மெழுகு உருண்டைகள் வழுவழுப்பானவை, தோலைக் கீறாது. ஆனால் அவ்வளவு தேய்ப்பும் இருக்காது.

நுரைக்கும் பொருள் ஷாம்புவில் இருப்பதேதான். டப்பாவில் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், கோகமிடோபுரோபைல் பீட்டைன் போன்ற பெயர்கள் இருந்தால், நீங்கள் வாங்குவது துகள் கலந்த ஷாம்பு. ஸ்கிரப் போட்ட அன்று தலை "வேற லெவல் சுத்தம்" என்று தோன்றுவதில் பாதிப் பங்கு, அன்று இரண்டு முறை கழுவியிருக்கிறோம் என்பதுதான்.

மெந்தாலும் பெப்பர்மின்ட் எண்ணெயும் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகின்றன. குளுகுளு என்று இருப்பதற்கும் சுத்தமாவதற்கும் சம்பந்தமில்லை. அந்த உணர்வுக்காகத்தான் பாதிப்பேர் மறுபடி வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

ஷாம்புக்கு முன் போடும் சீரம் எப்படி வேலை செய்கிறது?

ஸ்கிரப் உரசி எடுக்கிறது. சீரம், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. பெரும்பாலானவற்றில் வேலை செய்கிற பொருள் சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம், லாக்டிக் அமிலம் இவற்றில் ஒன்று. சாலிசிலிக் எண்ணெயில் கரையும் குணமுள்ளது. அதனால் எண்ணெய்ப்பசை உள்ள தலைத்தோலில் மற்ற இரண்டையும்விட அது எடுபடும். பொடுகுக்கான மருந்துப் பொருளாகவும் அதற்கு அங்கீகாரம் உண்டு. அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் பொடுகுப் பொருட்களில் அதன் அளவு 1.8 முதல் 3 சதவீதம்.

சாலிசிலிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆகவே ஆல்கஹாலோ புரோப்பிலீன் கிளைகாலோ கலந்துதான் சீரம் செய்கிறார்கள். போட்டவுடன் லேசாகச் சுள்ளென்று இருப்பதற்கும், கொஞ்ச நாளில் தோல் வறண்டு இழுப்பதற்கும் பல நேரம் அமிலத்தைவிட அந்த ஆல்கஹால்தான் காரணம்.

அமிலம் வேலை செய்ய சீரத்தின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைவாக, 3 முதல் 4 வரை இருக்க வேண்டும். எரியக்கூடாதென்று பி.எச்.ஐ 6க்கு மேல் ஏற்றிவிட்டால் அமிலம் உப்பாக மாறிவிடும், செதில் தளர்த்தும் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். லேபிளில் சதவீதம் இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், பி.எச். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

லேபிளை எப்படிப் படிப்பது? ஒன்றை உதாரணத்துக்குச் சொல்லுங்கள்.

ஒரு சீரத்தின் பட்டியல் இந்த வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: தண்ணீர், ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைகால், நயசினமைட், சாலிசிலிக் அமிலம், ஃபீனாக்ஸிஎத்தனால், மெந்தால், வாசனைப்பொருள், ரோஸ்மேரி சாறு, வெங்காயச் சாறு.

அளவு அதிகமானது முன்னால், குறைந்தது பின்னால் என்பது பொதுவான முறை. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெடாமல் காக்கும் பொருள், ஒரு சதவீதத்துக்கு மேல் போட மாட்டார்கள். ஆக அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்குக் கீழோதான். பாட்டில் முகப்பில் பெரிதாகப் படம் போட்டிருக்கும் வெங்காயமும் ரோஸ்மேரியும் வாசனைப்பொருளுக்கும் பின்னால் நிற்கின்றன. அவற்றை நம்பி வாங்க வேண்டியதில்லை. சாலிசிலிக் முன்னால் இருப்பதால் அது இரண்டு சதவீதம் என்று எழுதியிருந்தால் நம்பலாம். ஆல்கஹால் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. வறண்ட தலைக்காரர்கள் இதை அங்கேயே வைத்துவிடலாம்.

விலையையும் போட்டுப் பாருங்கள். 50 மில்லி பாட்டில் 600 ரூபாய் என்றால், தலை முழுக்கப் போட ஒரு தடவைக்கு 4 மில்லியாவது வேண்டும். பன்னிரண்டு தடவைக்குத்தான் வரும், தடவைக்கு 50 ரூபாய். அதுவும் கழுவி ஊற்றப்போகிற பொருளுக்கு.

எங்கள் வீட்டில் சீயக்காய்தான். அதோடு ஸ்கிரப்பும் சேர்த்துக்கொள்ளலாமா?

நீங்கள் போடுவதே ஸ்கிரப்தான். சீயக்காய்ப் பொடியிலும் அரப்புப் பொடியிலும் நுரைக்கும் சபோனின் இருக்கிறது, கூடவே கரையாத நார்த்துகளும் இருக்கிறது. அதற்கு மேல் வால்நட் பொடியையும் தேய்ப்பது ஒரே நாளில் இரண்டு முறை ஸ்கிரப் போடுவதற்குச் சமம்.

மாவு மில்லில் அரைத்த சீயக்காயில் சில நேரம் கரகரப்பு அதிகமாக இருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு தடவை சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சலித்த பிறகு துணியில் மிச்சம் நிற்கிற திப்பிதான் மண்டையைக் கீறுவதும், அலசினாலும் முடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதும். வடித்த கஞ்சியிலோ வெந்நீரிலோ பத்து நிமிடம் ஊறவைத்துக் குழைத்தால் இன்னும் மென்மையாகும். சீயக்காய் ஷாம்புவைப் போல எண்ணெயை முழுக்க எடுக்காது. தினம் எண்ணெய் வைத்து வாரம் ஒரு தடவை சீயக்காய் போடுகிறவர்களுக்கு மண்டையில் பசை சேரும். அதற்குத் தீர்வு எண்ணெயைக் குறைப்பது.

தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன், வாரம் ஒரு நாள் தலைக்குக் குளிக்கிறேன். மூன்றாவது நாளே வெள்ளையாகக் கொட்டுகிறது. ஸ்கிரப் போட்டால் போய்விடுமா?

அன்றைக்குப் போகும், மூன்றாவது நாள் திரும்ப வரும். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எல்லார் தலைத்தோலிலும் மலாசீஸியா என்ற ஈஸ்ட் வாழ்கிறது. எண்ணெய்ப்பசையில் உள்ள கொழுப்பை உடைத்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. தின்று மிச்சம் விடுகிற கொழுப்பு அமிலங்களில் ஒன்று ஓலியிக் அமிலம். சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, அவசர அவசரமாகச் செல்களை மேலே தள்ளுகிறது. அவை முழுதாக முதிராமல் ஒட்டிக்கொண்டு கொத்தாக உதிர்கின்றன. அதுதான் கண்ணுக்குத் தெரியும் பொடுகு. ஸ்கிரப் அந்தக் கொத்தைப் பெயர்க்கிறது. ஈஸ்ட்டும் எரிச்சலும் அப்படியே இருக்கின்றன. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் தோலைத் தேய்த்தால் செதில் இன்னும் கூடுவதும் உண்டு.

செய்ய வேண்டியது இது. முதலில் மண்டையில் எண்ணெய் வைப்பதை நான்கு வாரம் நிறுத்துங்கள். முடிக்கு எண்ணெய் வேண்டுமென்றால் காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் கழுவும்போது முடியின் புரத இழப்பைக் குறைப்பது உண்மை. அந்த நன்மை முடித்தண்டுக்கு. மண்டைக்கு ஊற்றினால்தான் கிடைக்கும் என்பதில்லை.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும், ஈஸ்ட்டை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை பயன்படுத்துங்கள். நனைந்த தலையில் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். போட்டவுடன் அலசினால் பயனில்லை. "எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களில் நிறையப் பேர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். இடையில் தலைக்குக் குளித்தால் வழக்கமான ஷாம்புவே போதும். இரண்டாவது வாரத்தில் அரிப்பு குறையும், நான்காவது வாரத்தில் செதில் அடங்கும். அதன்பின் பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒரு முறை போட்டு வந்தால் திரும்பாமல் இருக்கும். முழுக்க நிறுத்தினால் சில வாரத்தில் திரும்ப வரும், ஏனென்றால் ஈஸ்ட் நம்மோடுதான் இருக்கிறது.

இந்த நான்கு வாரத்தில் சாலிசிலிக் சீரத்துக்கு ஒரு சின்ன இடம் உண்டு. செதில் தடிமனாக ஒட்டியிருந்தால் ஷாம்பு தோலைச் சென்றடையாது. முதல் இரண்டு வாரம், வாரம் ஒரு முறை மட்டும், ஷாம்புக்குப் பத்து நிமிடம் முன் அந்த இடங்களில் போட்டுச் செதிலைத் தளர்த்தலாம். துகள் ஸ்கிரப்புக்கு இங்கே வேலையே இல்லை.

போர் தண்ணீரால் முடி சொரசொர என்று இருக்கிறது. ஸ்கிரப் போட்டால் உப்புப் படிவம் போகுமா?

போகாது. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடித்தண்டின் மேல் படிகின்றன. ஸ்கிரப் படுவதோ தோலில். முடியில் படும்படி தேய்த்தால் நனைந்த முடியின் மேல்செதில் உரசி இன்னும் சொரசொரப்பாகும். கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்ந்த, படிவத்தை நீக்கும் கிளாரிஃபையிங் ஷாம்புவை மாதம் இரண்டு முறை போட்டு, கடைசி ஒரு மக் அலசலுக்கு நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். சோப்புக் கட்டியால் தலைக்குக் குளிக்கிறவர்கள் அதை நிறுத்தினாலே பாதி சரியாகும். கடின நீரும் சோப்பும் சேர்ந்தால்தான் அந்த வெள்ளைப் பிசுக்கு உண்டாகிறது.

அப்படியென்றால் இது யாருக்குமே வேண்டாமா?

சிலருக்கு உதவும். தினமும் டிரை ஷாம்பு, ஹேர் வேக்ஸ், ஸ்பிரே போடுகிறவர்கள். முடி குறைந்த இடத்தை மறைக்க முடிநார்ப் பொடி தூவுகிறவர்கள். சடை பின்னலை வாரக்கணக்கில் அவிழ்க்காமல் வைத்து, பிறகு அவிழ்க்கிறவர்கள். இவர்கள் தலையில் ஷாம்பு ஒரு தடவையில் இளக்க முடியாத அளவு மெழுகும் பொடியும் சேரும். இவர்களுக்குக்கூட இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். எண்ணெய் அதிகம் சுரக்கிற, அரிப்பு எதுவும் இல்லாத தலைக்கு வாரம் ஒரு முறை சாலிசிலிக் சீரம் பரவாயில்லை ரகம்.

ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவர்கள் தங்களுக்கும் வேண்டுமா என்கிறார்கள். வியர்வை தண்ணீரிலேயே போகும். தலைக்கு அடிக்கடி குளியுங்கள், ஹெல்மெட்டின் உள்துணியைத் துவையுங்கள்.

சரி, போட்டுப் பார்க்கத்தான் போகிறேன். எப்படிப் போடுவது?

ஸ்கிரப் என்றால்: முதல் நாள் காதுக்குப் பின்னால் ஒரு பட்டாணி அளவு தேய்த்துக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். போடுகிற அன்று உலர்ந்த முடியைச் சிக்கு எடுத்துவிடுங்கள். சிக்கோடு போட்டால் முடி அறுந்து வரும். தலையை நன்றாக நனையுங்கள். இரண்டு டீஸ்பூனை உள்ளங்கையில் எடுத்து, ஐந்தாறு வகிடு பிரித்து, வகிட்டுத் தோலில் மட்டும் வையுங்கள். விரல் சதையால் சிறு வட்டமாக, மொத்தமே ஒன்றரை நிமிடம். நகம் கூடாது, சிலிக்கான் பிரஷ்ஷும் அன்று வேண்டாம். தலையைக் குனிந்து இரண்டு நிமிடமாவது அலசுங்கள், பிடரியில்தான் துகள் தங்கும். அதன் மேல் ஒரே ஒரு முறை ஷாம்பு, நீளத்துக்கு மட்டும் கண்டிஷனர்.

சீரம் என்றால்: எண்ணெய் வைக்காத, உலர்ந்த தலையில்தான் போட வேண்டும். தண்ணீர் அடிப்படையிலான சீரம் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி இறங்காது. அரை அங்குல இடைவெளியில் வகிடு எடுத்து, வகிட்டுக்கு மூன்று நான்கு துளி. பத்து நிமிடம் முடிந்ததும் அலசி ஷாம்பு போடுங்கள். வேறு நேரம் பாட்டிலில் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இரவெல்லாம் வைத்திருந்தால் இரண்டு மடங்கு பலன் கிடைக்காது, தோல் உரியும். முகத்துக்கு விற்கும் 30 சதவீத அமிலப் பீலிங்கைத் தலையில் ஊற்றுவது வீடியோக்களில் ஓடுகிறது. முகத்தில் சிவந்தால் கண்ணாடியில் தெரியும், உடனே கழுவலாம். மண்டையில் சிவந்தது முடிக்கடியில் தெரியாது, வழிந்தால் நேரே கண்ணுக்குப் போகும்.

போட்ட மறுநாளிலிருந்து அரிப்பு, சின்னச் சின்ன செதில். இது உள்ளே இருந்த அழுக்கு வெளியே வருவதா?

இல்லை. அதிகம் தேய்த்துவிட்டீர்கள், அல்லது ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. அதிகம் தேய்த்ததால் வருவது ஒன்றிரண்டு நாளில், உலர்ந்த வெள்ளைத் தூளாக, இழுக்கிற உணர்வோடு, தேய்த்த இடத்தில் மட்டும் இருக்கும். ஒரு வாரம் வாசனையில்லாத சாதா ஷாம்பு மட்டும் போட்டால் அடங்கும். ஒவ்வாமை என்றால் அரிப்பு மிக அதிகமாக இருக்கும். நுரை வழிந்த இடங்களான நெற்றி விளிம்பு, காது மடல், கழுத்து, கண்ணிமை வரை சிவப்பும் வீக்கமும் வரும். வாசனைப்பொருள், டீ ட்ரீ எண்ணெய், மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற காப்புப்பொருள் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. டப்பாவைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் எடுத்துப்போங்கள்.

முடிக்காலில் சீழ் வைத்த பருக்கள் வந்தால் அது மூன்றாவது வகை, மயிர்க்கால் அழற்சி. தேய்க்கத் தேய்க்கப் பரவும்.

மயிர்க்கால் அடைப்பை எடுத்தால் முடி வளரும், கொட்டுவது நிற்கும் என்கிறார்களே?

முடி உண்டாவது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில். மயிர்க்காலின் வாயில் இருக்கும் எண்ணெய்ப்பசை அதைத் தடுப்பதில்லை. வளரும் முடி அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஸ்கிரப் போடும்போது கை நிறைய வந்தால் பதற வேண்டாம். உதிரத் தயாராக இருந்தவை ஒரே நேரத்தில் வருகின்றன. ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போவது, நெற்றி ஏறுவது, வட்டமாகச் சொட்டை விழுவது ஆகியவற்றுக்குக் காரணம் பரம்பரை, ஹார்மோன், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, அண்மையில் வந்த காய்ச்சல் என்று வேறு இடத்தில் இருக்கும். சீரம் போட்டுக் காத்திருக்கும் ஆறு மாதம் வீண்.

எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் கலந்து வீட்டிலேயே செய்யலாமா?

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 அளவில் இருக்கும், ஆப்ப சோடா கரைசல் 8க்கு மேல். தலைத்தோல் 5.5 அளவில் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் பொங்கி ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே தோலைக் கெடுக்கும். செய்துதான் பார்க்க வேண்டும் என்றால், மிக்ஸியில் ஒரு சுற்று விட்ட சர்க்கரை இரண்டு டீஸ்பூனை, குளிக்கப் போகும்போது ஒரு மேசைக்கரண்டி ஷாம்புவில் கலந்து உடனே தேயுங்கள். முன்கூட்டிக் கலந்தால் கரைந்துவிடும். கடையில் விற்கும் சர்க்கரை ஸ்கிரப் செய்வதை இது செய்துவிடும்.

எப்போது போடவே கூடாது?

ஹேர் டை போடுவதற்கு முன் இரண்டு மூன்று நாளும் பின் அதே அளவும். தேய்த்த தோலில் டை எரியும். முடி வளர மினாக்சிடில் மருந்து போடுகிறவர்கள் அமிலச் சீரம் போட்ட அன்று இரண்டையும் அடுத்தடுத்துப் போடக்கூடாது. தோல் தளர்ந்திருக்கும்போது எரிச்சலும் உறிஞ்சப்படும் அளவும் கூடும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்குச் சாலிசிலிக் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தலை முழுக்க அமிலச் சீரம் போட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுமே தேவையில்லை.

பிள்ளைகள் தலையில் வெள்ளையாகத் தெரிந்தால் முதலில் ஈறா என்று பாருங்கள். ஊதினால் பொடுகு பறக்கும். ஈறு முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நகத்தால் உருவினால்தான் வரும். வட்டமாக முடி ஒடிந்து செதில் இருந்தால் அது படையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும், தேய்ப்பதால் பரவும்.

பெரியவர்களில் தடித்த வெள்ளிநிறச் செதில் மயிர்வரம்பைத் தாண்டி நெற்றியில் இறங்கியிருந்தால், முழங்கையிலும் முழங்காலிலும் அதே போல இருக்கிறதா என்று பாருங்கள். சோரியாசிஸ் என்றால் உரசும் இடத்தில் புதிதாகக் கிளம்பக்கூடும். ஸ்கிரப் அங்கே நேரடியாகக் கெடுதல். கீட்டோகோனசோலை நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாத பொடுகுக்கும் தோல் மருத்துவர்தான் வழி.

ஏற்கெனவே ஒரு பெரிய டப்பா வாங்கிவிட்டேன். என்ன செய்வது?

சர்க்கரையோ உப்போ உள்ளதென்றால் குதிகாலுக்கும் முழங்கைக்கும் தேய்த்துத் தீர்த்துவிடலாம், அங்கே தோல் தடிமன். குளியலறையில் மூடி திறந்து வைக்காதீர்கள், ஈரக்கையை விடாதீர்கள். தண்ணீர் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். நிறம் மாறினாலோ புளித்த வாடை வந்தாலோ தேதி மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.